இறந்தகாலத்தில் எழுதப்பட்ட பேக்கரி மிஸ்

"சும்மா ஒரு தடவை பாத்துக் குடுத்துருங்க மேடம்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சும்மாவாம்! சும்மா பார்ப்பதற்கு நான் என்ன கடற்கரையில் உட்கார்ந்து கப்பலா பார்க்கிறேன்? பல வருடம் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துவிட்டு, அங்கே வேலை குறைந்தபோது வெளியே வந்து, போர்ட் பிளேர் குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்து அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். முன்பு கல்யாணப் பத்திரிகையும் பள்ளி மலரும் வரும். இப்போது எல்லோருக்கும் வெப்சைட் வந்துவிட்டது. ரிசார்ட்காரர்கள், ஸ்கூபா கற்றுத்தருகிறவர்கள், பல் டாக்டர்கள் என்று எல்லோரும் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதிவைத்துக்கொண்டு வருகிறார்கள். அதைத் திருத்துவதுதான் இப்போது என் பிழைப்பு.

எழுத்துப்பிழை பார்ப்பதுதான் இந்த வேலை என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. எழுத்துப்பிழையைக் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும், அதற்கு நான் எதற்கு? ஒரு மனிதரைப் பற்றிய அறிமுகத்தில் கெட்டுப்போவது வேறு மூன்று விஷயங்கள். முதலாவது, பேசுவது யார் என்பது. 'அவர்' என்று ஆரம்பித்தால் கடைசிவரை 'அவர்'தான், நடுவில் 'நான்' எட்டிப்பார்க்கக் கூடாது. அடுத்தது காலம். இன்றைக்குப் பார்க்கிற வேலை நிகழ்காலத்தில் இருக்க வேண்டும், விட்டுவிட்டு வந்த வேலை இறந்தகாலத்தில். அப்புறம் பதவிப் பெயர். மேலே தலைப்பில் ஒன்று, உள்ளே ஒன்று, போட்டோவுக்குக் கீழே வேறொன்று என்று இருந்தால் படிக்கிறவன் யாரை நம்புவான்?

போன மழைக்காலத்தில் ஒரு கேட்டரிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து போன் வந்தது. ஹோட்டல் வேலைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற தனியார் இடம். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த காண்ட்ராக்டர். கட்டடம் கட்டிக் கட்டிக் கடைசியில் ஒரு கட்டடத்தைத் தனக்கே வைத்துக்கொண்டு கல்வியாளர் ஆகிவிட்டவர். போன் செய்தது அவருடைய ஆபீஸ் மேனேஜர். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், அதனால் பாதி இந்தியில்தான் வாய் வரும்.

"மேடம், மெயின்லேண்ட்லேருந்து ஒரு பெரிய ஹோட்டல் குரூப் டை-அப்க்கு வராங்க. வெப்சைட்ல ஸ்டாஃப் புரொஃபைல் எல்லாம் கிச்சடி மாதிரி கெடக்கு. ஏக் பார் பாத்து கன்சிஸ்டன்ட்டா பண்ணிக் குடுங்க, பஸ்."

பஸ்ஸாம், அவ்வளவுதானாம். ஃபைலைத் திறந்தேன். அடேயப்பா! கிச்சடியைக்கூட அவ்வளவு கேவலமாக யாரும் கிளற மாட்டார்கள்.

முதலாளியின் பக்கம் 'அவர் தொலைநோக்குள்ள கல்வியாளர்' என்று ஆரம்பித்தது. மூன்றாவது வரியில் 'நான் ஒரு டிரங்குப் பெட்டியோடு இந்தத் தீவில் வந்து இறங்கினேன்' என்று அவரே வந்து குதித்துவிட்டார். அவர் சொல்லச் சொல்ல யாரோ டைப் அடித்திருக்கிறார்கள், அது நன்றாகவே தெரிந்தது. அதே பக்கத்தில் அவர் ஓரிடத்தில் சேர்மன், இன்னோரிடத்தில் ஃபவுண்டர், கீழே கையெழுத்தில் மேனேஜிங் டைரக்டர். பிரின்சிபால் கதை இதைவிட விசேஷம். சென்னையில் ஒரு ஹோட்டலில் தலைமை ஷெஃபாக 'இருக்கிறார்', போர்ட் பிளேரில் பிரின்சிபாலாகவும் 'இருக்கிறார்'. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டேதான் அவற்றையெல்லாம் திருத்தினேன்.

கடைசியில் பேக்கரி பாடம் எடுக்கிறவளின் பக்கம் வந்தது. அங்கே என் சிரிப்பு நின்றுபோனது.

ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே தமிழில் சொல்கிறேன். 'அவர் பேக்கரி வகுப்புகளைக் கற்பித்தார். அவர் மாணவர்களுக்கு ரொட்டியும் கேக்கும் செய்யப் பயிற்சியளித்தார். பயிற்சிக் கூடத்தை உருவாக்கியவர் அவரே. மாணவர்கள் அவரை மிகவும் விரும்பினார்கள்.' ஒரு வரிகூட நிகழ்காலத்தில் இல்லை. காலம் மாறி மாறி வந்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். இது அப்படியில்லை, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே சீராக இருந்தது. அந்த ஃபைலிலேயே இலக்கணம் ஒழுங்காக இருந்த பக்கம் அது ஒன்றுதான். பதவி மட்டும் மூன்று விதம். தலைப்பில் இன்ஸ்ட்ரக்டர், மாணவர் கையேட்டில் ஹெட் ஆஃப் பேக்கரி, மேனேஜர் எனக்கு அனுப்பியிருந்த பதவிப் பட்டியலில் விசிட்டிங் ஃபேகல்டி.

ஐயையோ, இந்தப் பெண் தவறிப்போய்விட்டதா என்றுதான் முதலில் நினைத்தேன். இரங்கல் குறிப்பில்தான் அப்படி எழுதுவார்கள். வேலையை விட்டுப் போனவர் என்றால் ஸ்டாஃப் பக்கத்தில் போட்டோ எதற்கு? உடனே மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"இந்த பேக்கரி மிஸ் இருக்காங்களா, இல்லையா?"

"அரே மேடம், இருக்காங்க. இப்பவும் கிளாஸ்லதான் இருக்காங்க. ஸ்மெல் இங்க வரைக்கும் வருது."

"அப்ப ஏன் எல்லாம் பாஸ்ட் டென்ஸ்ல இருக்கு?"

"அது அப்படியே விட்ருங்க மேடம். அது டீக் ஹை, சரியாத்தான் இருக்கு."

"என்னங்க டீக் ஹை? உயிரோட இருக்கிற ஆளு, உள்ள கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்காங்கன்னு நீங்களே சொல்றீங்க. பதவிக்கு வேற மூணு விதமா பேரு. இதுல எது சரின்னு அவங்களையே கேட்டு எனக்குச் சொல்லுங்க. இல்ல, என் நம்பரை அவங்களுக்குக் குடுங்க."

இது என் வழக்கம், யாருக்காகவும் இதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒருவரைப் பற்றிய குறிப்பை அவரைக் கேட்காமல் முடிக்கக் கூடாது. எனக்குச் சந்தேகம் வந்தால் நான் கேள்வி எழுதலாம், நானாக உண்மையை மாற்றி எழுத முடியாது. மேனேஜர் கொஞ்சம் இழுத்தார். ஆனாலும் நம்பரைக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, மறுநாள் சாயங்காலம் அவளே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

மழையில் பாதி நனைந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு பொட்டலம், அதற்குள் சூடு ஆறாத பன். "சாத்தம் ஜெட்டி போய் பம்பூபிளாட் ஃபெரி பிடிக்கணும் அக்கா, நெறய நேரம் இருக்க ஏலாது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். அந்த 'ஏலாது'விலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர்கள். இப்போது அப்பா இல்லை, அம்மாவும் அவளும் பம்பூபிளாட்டில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

அவளுக்குத் தன் பக்கம் எப்படி இருக்கிறது என்று முன்பே தெரியும். அதைத் திருத்தச் சொல்லி அவளே ஆபீஸில் பலமுறை கேட்டிருக்கிறாள். இப்போது கேட்பதற்கு வேறு காரணம் வந்திருந்தது.

"கோயம்புத்தூர்ல ஒரு கேட்டரிங் காலேஜ்ல பேக்கரிக்கு ஆள் எடுக்கிறாங்க அக்கா. பெர்மனன்ட். நான் போட்டிருக்கன். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்காங்க, வீடியோலதான். இப்ப வேல பாக்கிற எடத்தோட வெப்சைட்ல உங்க பக்கம் எதுன்னு லிங்க் கேட்டாங்க."

"குடுத்தியா?"

"குடுக்காம என்ன செய்ய? நான் இன்ஸ்ட்ரக்டர், இப்ப வேல பாக்குறன்னு எழுதிக் குடுத்திருக்கன். அவங்க இதத் தொறந்து பாத்தா, இந்தப் பொம்பள எப்பவோ வேலய விட்டுப் போனவ, வேலையில இருக்கன்னு பொய் சொல்லுறான்னுதானே நெனைப்பாங்க? விசிட்டிங்னு வேற மாத்திட்டா, வாரத்துக்கு ஒரு நாள் வந்துட்டுப் போனவன்னு ஆயிரும். ஆறு வருசமா காலைல மொத ஃபெரில வந்து மாவு பிசையிறன் அக்கா நான்."

அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்னன்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு வருடமும் ஓர் ஆர்டர். எல்லாவற்றிலும் இன்ஸ்ட்ரக்டர் என்றுதான் இருந்தது, முதலாளியின் கையெழுத்தோடு.

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"பிரேக்குக்குத்தான் அக்கா."

இந்தத் தீவில் ஒப்பந்த வேலை பார்த்தவர்களுக்குப் 'பிரேக்' என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மே மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடியும். உடனே புதுப்பித்துவிட்டால் வேலை தொடர்ந்து நடந்த மாதிரி ஆகிவிடுமாம். தொடர்ந்து பார்த்த வேலை என்று ஆகிவிட்டால் நாளைக்கு யாராவது நிரந்தரம் கேட்பார்களாம். அதற்காக நடுவில் கொஞ்ச நாள் அந்த ஆள் வேலையில் இல்லை என்று கணக்குக் காட்டிவிட்டு, பிறகு புதுசாகச் சேர்கிற மாதிரி புது ஆர்டர் கொடுப்பார்கள். வேலை அப்படியேதான் இருக்கும். ஆளும் அங்கேயேதான் இருப்பாள். காகிதத்தில் மட்டும் வருடத்துக்கொரு தரம் அவளை வெளியே அனுப்பிவிட்டு உள்ளே கூப்பிடுவார்கள்.

"அந்த நாள்ல நீ வீட்ல இருப்பியா?"

"எங்க இருக்கிறது? அட்மிஷன் நேரம் அது. வந்து பாக்கிற அப்பா அம்மாவுக்கு கேக் வைக்கணும். அவனையும் அப்பதான் கிளீன் பண்ணணும்."

பேக்கரி அடுப்பை, ஓவனைத்தான் 'அவன்' என்றாள். வேலையில் இல்லாத நாட்களில், சம்பளமில்லாமல், வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறாள்! இவளுடைய கேக்கைத் தின்றுவிட்டுத்தான் ஊர்க்காரர்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் வெப்சைட்டில் 'மாணவர்கள் அவரை மிகவும் விரும்பினார்கள்' என்று போட்டோவுக்கு மாலை போடாத குறையாக எழுதிவைத்திருக்கிறார்கள். நல்லா இருப்பாங்களா இவங்க? அவளுக்கு ஃபெரிக்கு நேரமாகிவிட்டது. "பாத்துக்கலாம், நீ போ" என்று குடையைக் கொடுத்து அனுப்பினேன். பன் மிக நன்றாக இருந்தது, அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

மறுநாள் காலையில் மேனேஜரைப் பிடித்தேன்.

"பாருங்க, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த பிரேக் அவங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான் மேடம். சப் கா. பிரின்சிபால் சாருக்கும் அதே மே மாசம்தான்."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்" என்றார்.

"அப்ப அவங்க பக்கம் மட்டும் ஏன் அப்படி?"

"மேடம், மத்தவங்க எல்லாம் மெயின்லேண்ட்லேருந்து வந்தவங்க. ரெண்டு வருசம் இருப்பாங்க, போயிடுவாங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. இவங்க லோக்கல். போன வருசம் பிரேக் எதுக்குன்னு நேராவே முதலாளி சேட்கிட்டயே கேட்டுட்டாங்க. நாளைக்கு லேபர் ஆபீஸ் போனாங்கன்னா? வெப்சைட்ல 'கற்பிக்கிறார்'னு வருசம் பூரா இருந்துச்சுன்னா அது ப்ரூஃப் ஆயிடுமாம். போன பிரேக் அப்ப சேட் சொல்லித்தான் மாத்தினோம். அப்புறம் அப்படியே விடச் சொல்லிட்டார். இப்ப விசிட்டிங்னும் போடச் சொல்றார். நான் என்ன மேடம் பண்றது?"

பார்த்தீர்களா! ஒரு கேள்வி கேட்டாள், அவ்வளவுதான். அதற்குத் தண்டனையாக அவளை உயிரோடு இறந்தகாலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதையும் என் கையால் 'கன்சிஸ்டன்ட்' என்ற பெயரில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் என்னிடம் எத்தனையோ பேர் கூடுதலாக ஒரு பட்டம் போடச் சொல்லியிருக்கிறார்கள், போகாத வெளிநாட்டுக்குப் போனதாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வேலையில் இருக்கிற ஒருத்தியை இல்லை என்று எழுதச் சொன்னது இவர்கள்தான்.

வேலையைத் தூக்கி மூஞ்சியில் எறிந்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. எறிந்தால் வேறு ஒருத்தரிடம் கொடுப்பார்கள், அவர் கேள்வி கேட்காமல் செய்து கொடுப்பார், அவளுடைய பக்கம் அப்படியேதான் இருக்கும். இன்டர்வியூ அடுத்த வாரம். நானாகவே 'கற்பிக்கிறார்' என்று மாற்றி அனுப்பினால் மேனேஜர் திரும்ப மாற்றிவிடுவார். அதோடு, கேட்காமல் மாற்றுவது என் வேலையும் இல்லை. அன்றைக்குச் சமையலும் சரியாக வரவில்லை. குழம்பில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் புத்தியில் பட்டது. இவர்கள் என்னிடம் கேட்டது என்ன? ஒரே மாதிரி. எல்லோருக்கும் ஒரே விதி. அதைத்தானே கேட்டார்கள்? செய்து கொடுத்துவிடலாம்!

கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். வருடா வருடம் மே மாதம் ஒப்பந்தம் முடிகிறவர்களைப் பற்றி இறந்தகாலத்தில்தான் எழுத வேண்டும் என்பது இன்ஸ்டிடியூட்டின் விதி என்றால், அது எல்லோருக்கும்தான். பிரின்சிபாலைத் திறந்தேன். 'அவர் இந்த நிறுவனத்தின் பிரின்சிபாலாக இருந்தார். சமையல் கலையைக் கற்பித்தார்.' ஃப்ரண்ட் ஆபீஸ் பாடம் எடுக்கிறவரை, 'அவர் மாணவர்களுக்கு வழிகாட்டினார்.' ஹவுஸ்கீப்பிங் சார், யூனிஃபார்ம் பார்க்கிற மேடம், ஒருவரையும் விடவில்லை. மேனேஜரை 'அவர் அலுவலகத்தைச் சிறப்பாக நிர்வகித்தார்' என்று எழுதும்போது கொஞ்சம் கை தயங்கியது, அப்புறம் அதையும் எழுதினேன். எல்லோருக்கும் பதவி விசிட்டிங் ஃபேகல்டி. பிரின்சிபாலுக்கு மட்டும் விசிட்டிங் பிரின்சிபால். முதலாளி ஒருத்தர்தான் நிகழ்காலத்தில் மிச்சம் இருந்தார். அந்த இன்ஸ்டிடியூட்டில் முன்னொரு காலத்தில் நிறையப் பேர் பாடம் நடத்தினார்கள், இப்போது ஒரே ஒரு தொலைநோக்குள்ள மனிதர் மட்டும் கட்டடத்தில் தனியாக இருக்கிறார் என்றுதான் படிக்கிறவர்களுக்குத் தோன்றும்.

ஃபைலின் மேலே என் கேள்வியை ஒழுங்காக எழுதினேன். 'பேக்கரி ஆசிரியருக்கு நீங்கள் சொன்ன விதியை, அதே ஒப்பந்தத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தியிருக்கிறேன். இதுதான் வேண்டுமா, அல்லது எல்லோரும் நிகழ்காலத்திலும், பதவிகள் ஆர்டரில் உள்ளபடியும் இருக்க வேண்டுமா? முதலாளி பார்த்து ஒப்புதல் தரவும்.' மேனேஜருக்கு அனுப்பினால் அமுக்கிவிடுவார் என்று முதலாளிக்கே நேராக அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்தேன், ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாக.

டீ முடிவதற்குள் போன். முதலாளிதான், உடனே வரச் சொன்னார்.

போனேன். மேனேஜர் வாசலில் என்னைப் பார்த்து, "க்யா கியா மேடம், என்ன பண்ணிட்டீங்க!" என்று தலையில் கைவைத்தார். உள்ளே முதலாளி ஃபைலை அச்சடித்து மேஜையில் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் பிரின்சிபால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா இது? எல்லாத்தையும் செத்துப்போன ஆளுக மாதிரி எழுதி வச்சிருக்கீய? வர்ற ஹோட்டல்காரன் இதப் பாத்தா இங்க ஒரு ஈ காக்கா இல்லன்னுல்லா நெனைப்பான்!"

"நீங்கதானே ஐயா எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னீங்க? ஒருத்தங்க பக்கம் இப்படித்தான் இருக்கணும்னு சொன்னாங்க. மத்தவங்களும் அதே மே மாசக் காண்ட்ராக்ட்டுதான். சரி, அப்ப எல்லாருக்கும் இப்படித்தான் போலன்னு எழுதினேன்."

"நான் விசிட்டிங் பிரின்சிபாலா?" என்று பிரின்சிபால் கேட்டார். அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைப் பார்க்க வேண்டும்! இத்தனை மாதமாகப் பக்கத்து அறையில் ஒருத்தியை அப்படி எழுதி வைத்திருந்தார்களே, அப்போதெல்லாம் அது அவர் கண்ணில் படவே இல்லை.

"அந்தப் பொண்ணு வெசயம் வேற" என்றார் முதலாளி.

"எப்படி ஐயா வேற? இப்ப கிளாஸ்ல இருக்காங்களா, இல்லையா?"

"இருக்கு. அதுக்கு?"

"இருக்கிறவங்களை இருக்காங்கன்னு எழுதறதுக்கு என்ன ஐயா கஷ்டம்? அவங்க லேபர் ஆபீஸுக்குப் போவாங்கன்னு பயந்தா, அதுக்கு நீங்க கையெழுத்துப் போட்ட ஆர்டரே அவங்க கையில இருக்கே. இந்த வெப்சைட்டை மாத்தி அதை அழிக்க முடியுமா? ஹோட்டல்காரங்க வந்து, பேக்கரிக்கு யாரு, ஆளு இருக்கா போயிட்டாங்களான்னு கேட்டா என்ன சொல்வீங்க? போட்டோவைப் பாத்துட்டு பேக்கரிக்குள்ள போவாங்க, அவங்க அங்க மாவு பிசைஞ்சுகிட்டு நிப்பாங்க. நீங்க என்ன சொல்வீங்க?"

குரல் உயர்ந்துவிட்டது, எனக்கே தெரிந்தது. வெளியே மேனேஜரின் டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. முதலாளி என்னையும் பார்த்தார், தாள்களையும் பார்த்தார். அவருக்கு மனசு இளகியது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவருக்கு ஹோட்டல்காரர்கள் வருகிற கவலைதான்.

"எல்லாத்தையும் பிரசென்ட்ல போட்டுத் தொலைங்கம்மா."

"எல்லாத்தையும்னா அவங்களையும் சேத்துத்தானே?"

"சேத்துத்தான். ஆனா விசிட்டிங்னு போடுங்க."

"ஆர்டர்ல இன்ஸ்ட்ரக்டர்னு இருக்கு ஐயா. அவங்களுக்கு ஆர்டர்ல இல்லாததைப் போட்டா மத்தவங்களுக்கும் போடணும். சாரும் விசிட்டிங்லேயே இருக்கட்டுமா?"

பிரின்சிபால் உடனே, "ஆர்டர்ல உள்ளபடியே போட்டுரலாம் சார், அதான் கரெக்ட்" என்றார். அந்த மனிதருக்குத் தன் நாற்காலி ஆடியதும் நியாயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. முதலாளி தாளில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். அப்போதே வெளியே வந்து, மேனேஜர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாக ஏற்றவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். தலைப்பு, பத்தி, போட்டோவுக்குக் கீழே, கையேடு என்று நாலு இடத்திலும் இன்ஸ்ட்ரக்டர். 'அவர் பேக்கரி வகுப்புகளைக் கற்பிக்கிறார்.' கிளம்பும்போது பேக்கரிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று ஏதோ திட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அவளுக்கு வேலை கிடைத்தது. வெப்சைட்டால் கிடைத்தது என்று நான் பீற்றிக்கொள்ளப் போவதில்லை, அவள் கையால் கிடைத்தது. இன்டர்வியூவில் அவர்கள் அவளுடைய பக்கத்தைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார்களாம். பேசும்போது ஒருத்தர், 'நீங்க எழுதினதும் இதுவும் ஒத்துப்போகுது' என்று மட்டும் சொன்னாராம். அதைச் சொல்லத்தான் எனக்குப் போன் செய்தாள். அப்போது மட்டும் அழுதாள். நானும் அழுதேன், ஏன் மறைக்க வேண்டும்? ராஜினாமா கொடுத்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலில் போய்விட்டாள். போவதற்கு முன்னால் என் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்து மேனேஜர் போன் செய்தார்.

"மேடம், ஹோட்டல் குரூப் இந்த வாரம் ஃபைனல் விசிட். புரொஃபைல் பேஜ் ஏக் பார் சும்மா பாத்துருங்க. ஒரே ஒரு சேஞ்ச்தான்."

"என்ன சேஞ்ச்?"

"பேக்கரி மிஸ்ஸுக்கு ஹெட் ஆஃப் பேக்கரின்னு போடச் சொல்றார் சேட்."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்றே சந்தேகம் வந்துவிட்டது. "அவங்கதான் போயிட்டாங்களே?"

"போயிட்டாங்க மேடம். வேற ஆளு இன்னும் கெடைக்கல. அதனால பிரசென்ட் டென்ஸ்லயே இருக்கட்டும்னு சொல்றார்."

அப்பப்பா, என்ன மனிதர்கள்! விடிகாலை ஃபெரியில் வந்து அங்கேயே நின்று மாவு பிசைந்தபோது அவள் 'கற்பித்தார்', அதுவும் விசிட்டிங். கடல் தாண்டிப் போனபிறகு அவள் 'கற்பிக்கிறார்', அதுவும் ஹெட்! ஆறு வருடம் உழைத்து வாங்க முடியாத பதவி உயர்வை, வேலையை விட்டுப் போனதும் கொடுக்கிறார்கள்.

"கற்பித்தார்னு மாத்துங்க" என்றேன். "இன்ஸ்ட்ரக்டராக இருந்தார். இப்பதான் அது சரி. இல்லன்னா பக்கத்தையே எடுத்துருங்க. இருக்காங்கன்னு ஒரு எழுத்து நான் எழுத மாட்டேன். நீங்களா எழுதினா, அவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிருவேன், அவங்க அந்தக் காலேஜ்லேருந்து லெட்டர் அனுப்புவாங்க."

"அப்புறம் பேக்கரிக்கு ஆளே இல்லைன்னு ஆயிடுமே மேடம்?"

"இல்லைதானே?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், இந்தி ஒரு வார்த்தைகூடக் கலக்காமல் பேசினார்.

"எடுத்துடறேன் மேடம். ஒரு உதவி. என்னோட பக்கத்தை மட்டும் தனியா ஒரு காப்பி எனக்கு அனுப்புவீங்களா? ஆர்டர்ல உள்ள பதவியோட, இப்ப இருக்கிற மாதிரியே. வர்ற மே மாசப் பிரேக்குக்கு முன்னாடி எனக்கு அது வேணும்."

அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.